பொதுநல வழக்கு: யார் போடலாம்?



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, முன்பு எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பள்ளிக்கூடத்திற்கு என்னைத் தேடி வந்தார். தோட்டத்தை விட்டுப் போய்ப் பதினைந்து வருடமாகிறது. இப்போது மகளோடு பட்டணத்து ஓரத்தில் ஒரு மலிவு வீட்டுத் தாமானில் இருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை; அதற்குள் இரண்டு காகிதம். ஒன்று மாவட்ட மன்றத்திலிருந்து வந்த மலாய்க் கடிதம். மற்றொன்று வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு ரசீது.

"வாத்தியாரே, எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற காலி நிலத்துல பழைய இரும்பு, குப்பையெல்லாம் கொட்டிப் பிரிக்கிற இடம் வரப்போகுதாம். மன்றத்துல உத்தரவு கொடுத்துட்டாங்க. ஒருத்தர் வந்து, பொதுநல வழக்கு போடலாம், டில்லி கோர்ட்டுல மாதிரி ஒரு கடுதாசி எழுதினாலே போதும், ஆளுக்கு ஐம்பது வெள்ளி கொடுங்கன்னு வசூல் பண்ணுறார். நாப்பது வீட்டுக்காரர் கொடுத்துட்டாங்க. கொடுக்கலாமா?"

நாற்பது வீட்டுக்கு ஐம்பது வெள்ளி என்றால் இரண்டாயிரம் வெள்ளி. அந்த இரண்டாயிரத்தைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு அந்த மலாய்க் கடிதத்தைப் படித்ததும் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். பத்திரிகையில் கோர்ட்டுச் செய்தி படிக்கும் நம் வீட்டாருக்கு இந்த விஷயத்தில் உள்ள குழப்பத்தை முதலில் பிரித்துக் காட்ட வேண்டும். பெரியவரைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழ்த் தொலைக்காட்சியிலும் தமிழ்ப் பத்திரிகையிலும் வாரத்துக்கு ஒரு முறையாவது "பொதுநல வழக்கு" என்ற சொல் வருகிறது. அதில் பெரும்பகுதி இந்தியச் செய்தி. நம் ஊர்ச் செய்தியும் அதே சொல்லோடுதான் அச்சாகிறது. சொல் ஒன்று, வாசற்படி இரண்டு.

இந்தியாவில் அந்த வாசற்படி மிகவும் தாழ்வானது. எப்படித் தாழ்ந்தது என்பதற்கு நம் போன்ற கூலி உழைப்பாளிகளின் கதை ஒன்றையே சொல்லலாம். டில்லிக்குப் பக்கத்தில் பரீதாபாத் என்ற இடத்தில் கல் உடைக்கும் குவாரிகளில் ஆண்களும் பெண்களும் கடனுக்கு அடிமைப்பட்டு வேலை செய்தார்கள். கொத்தடிமை விடுதலைக்காக உழைத்த ஓர் அமைப்பு அதைப் பார்த்துவிட்டு, 1982-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. கடிதம்தான், முறையான மனு அல்ல. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டு, இரண்டு வக்கீல்களைக் குவாரிக்கே அனுப்பி, அங்குள்ள நிலைமையைப் பார்த்து எழுதச் சொன்னது. 1983 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இதற்கு அடிப்படை 1981 டிசம்பரில் அதே நீதிபதி நீதிபதிகள் நியமன வழக்கில் எழுதிய கருத்து. வறுமையாலோ இயலாமையாலோ ஒருவன் கோர்ட்டுக்கு வர முடியாமல் இருந்தால், அவனுக்காக நல்லெண்ணத்தோடு வேறு எவரும் வரலாம் என்பது அது. கல் உடைப்பவன் எழுதத் தெரியாதவனாக இருந்தாலும், பட்டணத்தில் இருக்கும் ஒருவர் அவனுக்காக எழுதலாம் என்றாயிற்று.

பெரியவரிடம் பணம் வசூல் செய்பவர் சொல்லும் "டில்லி கோர்ட்டுக் கடுதாசி" இதுதான். கதை உண்மை. ஆனால் அது நம் நாட்டுச் சட்டம் அல்ல.

நம் நாட்டில் நடந்ததைச் சொல்ல 1987-க்குப் போக வேண்டும். இன்று நாம் பினாங்குக்கும் ஜொகூருக்கும் போகிற வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைக் கட்டும் குத்தகையை யுனைடெட் எஞ்சினியர்ஸ் என்ற நிறுவனத்திற்குக் கொடுக்க அரசாங்கம் முடிவு செய்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த லிம் கிட் சியாங், ஆளுங்கட்சியோடு தொடர்புள்ள நிறுவனத்திற்கு அதைக் கொடுத்தது செல்லாது என்று அறிவிக்கும்படி வழக்குத் தொடர்ந்தார். "நான் நாடாளுமன்ற உறுப்பினர், நான் வரி கட்டுகிறவன், அந்தச் சாலையில் கார் ஓட்டப் போகிறவன்" என்பது அவர் காட்டிய உரிமை.

1988 மார்ச்சில் அன்றைய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர், அவருக்கு வழக்குப் போடவே உரிமையில்லை என்றார்கள். குத்தகை நேர்மையானதா இல்லையா என்ற கேள்விக்கே அவர்கள் போகவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எல்லாரும் வரி கட்டுகிறார்கள், எல்லாரும் சாலையில் போகிறார்கள். ஆகவே மற்றவர்களுக்கு இல்லாத தனி நட்டம் உனக்கு என்ன என்பதே கேள்வி. தனி நட்டம் இல்லாதவன் பொது விஷயத்துக்காக வர வேண்டுமானால் சட்டத்துறைத் தலைவரின் சம்மதத்தோடு வர வேண்டும். அந்தச் சட்டத்துறைத் தலைவரோ அரசாங்கத்தின் வக்கீல். அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட அரசாங்கத்தின் வக்கீலிடமே சம்மதம் கேட்பது எப்படி என்று ஒரு பாமரனுக்கும் தோன்றும். மறுத்து எழுதிய இரண்டு நீதிபதிகளில் ஒருவரான அப்துல் காதர் அவர்கள், இப்படிக் கதவை அடைப்பது பின்னோக்கிப் போவதாகும் என்று கருதினார்.

அதற்குப் பின் ஏறக்குறைய கால் நூற்றாண்டு, பத்திரிகையில் "வழக்குத் தொடர உரிமை இல்லை" என்ற தலைப்பு வந்தால் அநேகமாக அந்த 1988 தீர்ப்பின் நிழல் அதில் இருந்தது. அந்தத் தலைப்பைப் படித்தவுடன் "வழக்குப் போட்டவன் சொன்னது பொய்யென்று கோர்ட்டு சொல்லிவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டும் வேறு. முதல் கேள்வி, நீ உள்ளே வரலாமா? இரண்டாவது கேள்வி, நீ சொல்வது சரியா? முதல் கேள்வியிலேயே தோற்றவனிடம் இரண்டாவது கேள்வியைக் கோர்ட்டு கேட்டிருக்காது.

பிறகு விதி மாறியது. 2000-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்ற விதிகளில் 53-ஆம் கட்டளை திருத்தப்பட்டது. இப்போது அதே கட்டளை 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் இருக்கிறது. அரசாங்க அதிகாரியோ மன்றமோ பொதுக் கடமையில் எடுத்த முடிவை உயர்நீதிமன்றம் ஆராய்ந்து பார்க்கும்படி கேட்பதற்கு "சீராய்வு" என்று பெயர். அந்த முடிவால் "பாதிக்கப்பட்ட எவரும்" சீராய்வு கேட்கலாம் என்று விதி சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் என்றால் யார் என்பதில்தான் வக்கீல்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள்.

அதைத் தீர்த்தது ஒரு தண்ணீர் வழக்கு. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் 2006-ல் தண்ணீர்க் கட்டணம் நூற்றுக்கு 15 ஏறியது. வீட்டுக்கு வரும் தண்ணீர் பில்லைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். தொழிற்சங்கக் காங்கிரசும் அதனோடு வேறு சிலரும், இந்த ஏற்றத்துக்குக் காரணமான ஒப்பந்தத்தையும் கணக்காய்வு அறிக்கையையும் எங்களுக்குக் காட்டுங்கள் என்று அமைச்சரிடம் கேட்டார்கள். மறுத்ததும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2010-ல் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள், மேல்முறையீட்டில் தோற்றார்கள். 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் வழக்குப் போடும் உரிமையைப் பற்றித் தெளிவாகச் சொன்னது: தனிச் சொத்துரிமை பறிபோக வேண்டியதில்லை, மற்றவருக்கு இல்லாத தனி நட்டமும் வேண்டியதில்லை, அந்த விஷயத்தில் உண்மையான, மெய்யான அக்கறை இருப்பதைக் காட்டினால் போதும்.

ஆனால் ஆவணங்கள் கிடைக்கவில்லை. வாசல் திறந்தது, உள்ளே போய்த் தோற்றார்கள். முன்னே சொன்ன இரண்டு கேள்விகளும் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வழக்கை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அதில் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்ற வசதியான குடியிருப்புக்குப் பக்கத்தில் தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்கா இருக்கிறது. அந்த வட்டாரம் ஒரு காலத்தில் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டம். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, அங்கே வேலை செய்த குடும்பங்களை 1980-களின் தொடக்கத்தில் பக்கத்திலேயே ரூமா பஞ்சாங் எனப்படும் நீள வீடுகளில் கொண்டுவந்து வைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள், பிறகு நிரந்தர வீடு வரும் என்றார்கள். ஏறக்குறைய நூறு குடும்பங்கள் அந்தத் தற்காலிகத்திலேயே பிள்ளை பெற்று, பேரன் பேத்தி பார்த்தன. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பம் எதுவும் இதை விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்ளும்.

2017 ஜூலையில் கோலாலம்பூர் டத்தோ பண்டார் அந்தப் பூங்கா நிலத்தில் ஏறக்குறைய 12 ஏக்கரில் ஒரு பெரிய கட்டடத் திட்டத்திற்கு மேம்பாட்டு ஆணை கொடுத்தார். நீள வீட்டுக்காரர்களுக்காக 29 மாடியில் ஒரு மலிவு விலைக் கட்டடம் அதில் இருந்தது. அதோடு 42 மாடி முதல் 54 மாடி வரை எட்டுக் கட்டடங்களில் விற்பனைக்கான சொகுசு வீடுகளும் இருந்தன. ஒரு கட்டடம் ஏழைக்கு, எட்டுக் கட்டடம் வியாபாரத்துக்கு.

அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் 2017 ஆகஸ்டிலேயே உயர்நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டார்கள். ஜூலையில் ஆணை, ஆகஸ்டில் மனு. இந்த வேகத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பு கேட்ட கேள்வி நீங்கள் இப்போது எதிர்பார்ப்பதுதான்: நீங்கள் யார்? திட்டமிடல் விதிகளின்படி ஆட்சேபம் சொல்ல உரிமை உள்ளவர் பக்கத்து நிலத்தின் பதிவு பெற்ற உரிமையாளர் மட்டுமே, நீங்கள் அந்த வரம்பில் வரவில்லை என்றார்கள். 2018-ல் உயர்நீதிமன்றத்தில் குடியிருப்பாளர்கள் தோற்றார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையை ரத்துச் செய்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதி செய்தது. அந்தப் பூங்காவின் பக்கத்தில் குடியிருந்து அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் உண்மையான அக்கறை உண்டு. நிலப் பட்டாவில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாசலை அடைக்க முடியாது என்றாயிற்று.

ஆணை ஏன் விழுந்தது? நகரின் அமைப்புத் திட்டத்தில் அந்த நிலம் பொதுத் திறந்தவெளி என்று குறிக்கப்பட்டிருந்தது. அதை விட்டு விலகியவர் ஏன் விலகினார் என்று காரணம் காட்டவில்லை. மேலும், திட்டத்தில் பங்குள்ள கூட்டரசுப் பிரதேச அறவாரியத்தின் அறங்காவலர்களில் ஒருவராக அனுமதி கொடுத்த டத்தோ பண்டாரே இருந்தார். கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே நாற்காலியில் இருந்தால் அந்த முடிவை எவன் நம்புவான்?

தீர்ப்பு வந்த அன்று பத்திரிகைகளில் பூங்கா காப்பாற்றப்பட்ட மகிழ்ச்சி இருந்தது. நானும் படித்து மகிழ்ந்தேன். பிறகு, நீள வீட்டில் இருந்த அந்தப் பழைய தோட்டத்து ஆட்களை நினைத்தேன். அவர்களுக்குச் சொன்ன வீடு அதே ஆணைக்குள்தான் இருந்தது. ஆணை விழுந்தபோது அந்தக் காகிதத்தில் இருந்த 29 மாடியும் விழுந்தது. கோர்ட்டு அவர்களுக்கு விரோதமாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் கோர்ட்டு செய்யக்கூடியது, தவறான முறையில் எடுத்த முடிவை ரத்துச் செய்வதுதான். சரியான முடிவை எடுத்து வீடு கட்டிக் கொடுப்பது அதன் வேலையல்ல. அது மறுபடியும் அதிகாரிகளிடம்தான் போகும்.

பொதுநலம் என்று ஒருவர் சொல்லும்போது எந்தப் பொது, யாருடைய நலம் என்று கேட்டுக்கொள்வது தப்பில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பூங்காவுக்காக வந்தவர்கள் சுயநலக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எட்டுக் கட்டடத்தை ஒரு கட்டடத்தின் முதுகில் ஏற்றியவர்கள்தான் ஏழையையும் பூங்காவையும் மோதவிட்டார்கள். இருந்தாலும் வழக்குப் போட வக்கீல் வைக்க முடிந்தவர் ஒரு பக்கம், முடியாதவர் மறுபக்கம் என்பதை மறைக்க முடியாது. இந்தியாவில் ஏழைக்காக மற்றவர் வருவதற்கென்று வாசலைத் தாழ்த்தினார்கள். இங்கே வாசலில் நிற்பவனுக்கே அக்கறை இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆகவே நம்மைப் போன்றவர்கள் வேறு யாராவது நமக்காக வருவார்கள் என்று உட்கார்ந்திருக்க முடியாது. நாமேதான் வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

சரி, பெரியவரிடம் வருவோம்.

அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, மூன்று கேள்வி கேட்டேன். முதலாவது, அந்த முடிவை எடுத்தது யார்? மாவட்ட மன்றம். நல்லது. இதே கேள்வியைத் தோட்டத்தில் இருக்கிற நம் வாசகர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். லயத்துக் கூரையைப் பழுது பார்க்க மாட்டேன் என்று சொல்வது தோட்ட நிர்வாகம் என்றால், அது ஒரு தனியார் கம்பெனியின் முடிவு. அதற்குச் சீராய்வு கிடையாது. அது தொழிலாளர் இலாகாவுக்கும் தொழிற்சங்கத்துக்கும் போக வேண்டிய விஷயம். அரசாங்கமோ மன்றமோ சட்டப்படியான அதிகாரத்தில் எடுத்த முடிவுக்கு மட்டுமே இந்த வழி. பொதுநல வழக்கு என்ற பெயரில் கம்பெனி மேல் மனு எழுதி, காசும் காலமும் இழந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, அந்த நிலத்துக்கும் உமக்கும் என்ன சம்பந்தம்? "என் மக வீட்டு அடுப்படிச் சன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும்" என்றார். வக்கீல் எழுதும் ஆங்கிலத்தைவிட இது நல்ல பதில். அவர் பட்டாதாரர் அல்ல; வீடு மகள் பெயரில் இருக்கிறது. இருந்தாலும் அந்தச் சன்னலைத் திறந்து வைத்து வாழ்கிறவருக்கு உண்மையான அக்கறை இல்லை என்று சொல்வது கடினம். பணம் வசூல் செய்பவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். வேறு பட்டணம். அப்படியானால் அவர் பெயரில் போடும் மனுவுக்கு முதல் கேள்வியிலேயே கண்டம்.

வசூல் செய்பவர் தம் சங்கத்தின் பெயரில் போடுவதாகவும் சொன்னாராம். சங்கத்தின் பெயரிலும் போடலாம். ஆனால் பதிவு பெற்ற சங்கம் தன் பெயரில் நேராக வராமல், அதற்கென்று பதிவதிகாரியிடம் அறிவிக்கப்பட்ட பொறுப்பாளர் ஒருவர் பெயரில் வர வேண்டும். அந்தச் சங்கத்துக்கும் அந்தத் தாமானுக்கும் ஒரு தொடர்பும் வேண்டும். ரசீதில் பதிவு எண்ணே இல்லை.

மூன்றாவது கேள்விதான் என்னைப் பதற வைத்தது. கடிதத்தின் தேதி. ஆகஸ்டு 5 என்று இருந்தது. தாமான் மக்கள் முன்பே ஆட்சேபக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, உங்கள் ஆட்சேபம் பரிசீலிக்கப்பட்டது, அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டது என்று மன்றம் எழுதிய கடிதம் அது. 53-ஆம் கட்டளைப்படி, முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு போட வேண்டும். ஆகஸ்டு 5 என்றால் நவம்பர் 5. பெரியவர் என் முன்னே உட்கார்ந்திருந்த நாள் அக்டோபர் 17. பத்தொன்பது நாள் மிச்சம்.

தக்க காரணம் இருந்தால் காலத்தை நீட்டித் தரும்படி கேட்கலாம். ஆனால் "ஒருவர் பணம் வசூலித்துக்கொண்டிருந்தார்" என்பது நல்ல காரணமாக இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். மன்றத்துக்கு இன்னொரு கடிதம் எழுதுவோம், சட்டமன்ற உறுப்பினரைப் பார்ப்போம், தேர்தல் வரட்டும் என்று நாள் கடத்துவது நம் வழக்கம். அதெல்லாம் செய்யலாம். ஆனால் அந்த மூன்று மாதம் அதற்காக நின்று காத்திருக்காது. ரிம்பா கியாராவில் ஜூலை ஆணைக்கு ஆகஸ்டில் மனு போட்டதை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

கடுதாசி போதும் என்பதும் இங்கே நடவாது. முதலில் உயர்நீதிமன்றத்திடம் முன் அனுமதி கேட்க வேண்டும். என்ன முடிவு, ஏன் தவறு, என்ன பரிகாரம் வேண்டும் என்று ஓர் அறிக்கையும், நடந்தது உண்மையென்று சத்தியம் செய்து கையெழுத்திட்ட பத்திரமும் வேண்டும். அந்தக் காகிதங்கள் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கும் போகும். அவர்கள் வந்து ஆட்சேபிக்கலாம். இந்தக் கட்டத்தில் கோர்ட்டு பார்ப்பது, வந்தவர் வெறும் வம்புக்காரரா, அல்லது விசாரிக்கத் தக்க விஷயம் இருக்கிறதா என்பதை. அனுமதி கிடைத்தால்தான் முழு விசாரணை. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் கட்டச் சொல்லக்கூடும். அதனால் நாற்பது வீட்டுக்காரரும் மனுவில் பெயர் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பெயர் கொடுப்பவர் யோசித்துக் கொடுக்க வேண்டும்.

"அப்படின்னா ஐம்பது வெள்ளி?" என்றார் பெரியவர்.

"அதைக் கொடுக்காதீங்க. இந்தக் கடிதத்தையும், முன்னே நீங்க எழுதின ஆட்சேபத்தோட நகலையும் எடுத்துக்கிட்டு, வழக்கறிஞர் மன்றத்தோட சட்ட உதவி மையத்துல கேளுங்க, எந்த வக்கீல் இந்த மாதிரி வழக்கு நடத்துவார்னு. அந்த மையமே வழக்கை எடுக்குமான்னு நான் சொல்ல முடியாது. ஆனா கேக்கலாம். திங்கட்கிழமையே போங்க."

ஆட்சேபத்தின் நகல் இல்லை என்றார். எழுதிக் கொடுத்த பையனிடம் கைப்பேசியில் படம் இருக்கலாம் என்றார். அதையாவது தேடுங்கள் என்று அனுப்பினேன். அந்தக் கடிதத்தில் நாற்றம், ஈ, லாரிச் சத்தம் என்று மக்கள் எழுதியிருந்தார்களா, மன்றம் அதற்கு ஏதாவது காரணம் சொல்லிப் பதில் தந்ததா என்பதெல்லாம் வக்கீலுக்குத் தேவைப்படும். நான் படித்த அளவில் மன்றத்தின் கடிதத்தில் "பரிசீலிக்கப்பட்டது" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு காரணம் இல்லை. ரிம்பா கியாரா தீர்ப்பை நினைத்துக்கொண்டு அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். அது எவ்வளவுக்கு உதவும் என்று சொல்ல நான் வக்கீல் அல்ல. கோலாலம்பூருக்குத் தனித் திட்டமிடல் சட்டம். மாவட்டங்களுக்கு வேறு சட்டம்.

அந்த வாரம் வியாழக்கிழமை இரவு அவருடைய மகள் எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். ஒரு பெண் வக்கீல் காகிதங்களைப் பார்த்தாராம். நாற்பது பேர் வேண்டாம், நிலத்தை ஒட்டி வீடுள்ள நான்கு பேர் போதும் என்றாராம். ஒருவருக்காவது இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் மருத்துவச் சீட்டு வேண்டும், பின்புறச் சன்னலிலிருந்து அந்த நிலம் தெரியும்படி படம் எடுத்து, தேதி தெரியும்படி வைக்க வேண்டும் என்றும் சொன்னாராம். மூன்று பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். நான்காவது வீட்டுக்காரர், மன்றத்தில் லாரி ஓட்டுகிறவர், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

"அப்பா தம்முடைய பேரையும் போடச் சொல்றார் சார். பட்டா என் பேர்லதானே இருக்கு, அவர் பேர் செல்லுமா?"

செல்லும் என்றுதான் நினைக்கிறேன், வக்கீலிடம் கேள் அம்மா என்றேன். அன்றைக்கு அக்டோபர் 22. இன்னும் பதினான்கு நாள் இருந்தது.